ஜாமா, சோஸா, கோடியலா: ஒரு கொப்பரையின் மணிக்கணக்கு

"வெலிமடைப் பக்கம் சிறிய தொழிற்கூடம் ஒன்று வைத்திருக்கிறோம். ஸ்ட்ரோபெரி ஜாம், தக்காளி சோஸ், பேஷன் புரூட் கோடியல் மூன்றும் செய்கிறோம். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். ஒரு போத்தலுக்கு ஜாமில்தான் அதிகம் மிஞ்சுகிறது, அடுத்தது சோஸ். அதனால் அவை இரண்டையும் கூட்டிவிட்டு, கோடியலுக்கு வந்த ஓடர்களைத் தட்டிக்கழித்தோம். விற்பனை கூடியிருக்கிறது, ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் இல்லை. எதை எவ்வளவு செய்வது என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது?"

நீங்கள் தட்டிக்கழித்த கோடியலில்தான் பணம் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். போத்தலுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்தது தவறில்லை. அதோடு நின்றதுதான் தவறு. மூன்று பொருளும் ஒரே கொப்பரையில் வேகின்றன என்றால், ஒவ்வொன்றும் அந்தக் கொப்பரையை எத்தனை நிமிடம் பிடித்துவைத்திருக்கிறது என்பதால் வகுத்துப் பார்த்தால்தான் வரிசை தெரியும். வகுத்த பிறகு வரிசை பெரும்பாலும் தலைகீழாகிவிடும்.

பண்டாரவளைக்குப் பக்கத்தில் உங்களுடையதைப் போன்ற ஒரு தொழிற்கூடத்தின் கணக்கைச் சில வருடங்கள் பார்த்தேன். அதே மூன்று பொருள், அதே ஆறு பேர், 60 லீற்றர் பிடிக்கும் ஒரே ஒரு கொப்பரை. அதை வைத்தே சொல்கிறேன். விலைகளை எல்லாம் கணக்கு விளங்குவதற்காக முழு எண்ணாக்கியிருக்கிறேன். உங்கள் பில்களைப் பார்த்து உங்கள் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் போத்தல் கணக்கு. உயர்தரக் கணக்கீட்டுப் புத்தகங்களில் இதைப் பங்களிப்பு என்பார்கள். ஒரு போத்தலை விற்று உங்கள் கைக்கு வரும் பணத்தில் இருந்து, அந்தப் போத்தலைச் செய்யாமல் விட்டிருந்தால் செலவாகியே இருக்காத பணத்தை மட்டும் கழிக்க வேண்டும். மிஞ்சுவது பங்களிப்பு. வாடகைக்கும் சம்பளத்துக்கும் கடனுக்கும் அந்தப் போத்தல் போடும் பங்கு அதுதான். எல்லாப் பங்கும் சேர்ந்து அந்தச் செலவுகளைத் தாண்டினால் லாபம், தாண்டாவிட்டால் நட்டம்.

450 கிராம் ஜாம் போத்தலை எடுத்துக்கொள்வோம். லேபலில் இருக்கும் விலை எதுவாக இருந்தாலும், கடைக்காரரின் பங்கும் கழிவும் போய் நம் கைக்கு வந்தது 680 ரூபா. காம்பு கிள்ளியும் அழுகலைப் பொறுக்கியும் போகிற சேதாரத்தோடு ஒரு போத்தலுக்கு 220 கிராம் பழம் வேண்டும். கிலோ 1,000 ரூபா என்றால் 220 ரூபா. சீனி 65 ரூபா, பெக்டினும் சிற்றிக் அமிலமும் 15. போத்தல், மூடி, லேபல் மூன்றும் 95. காஸ் 10. அட்டைப்பெட்டியும் லொறிக் கூலியும் 15. கூட்டினால் 420. ஆக ஜாம் போத்தலின் பங்களிப்பு 260 ரூபா.

இதே முறையில் 400 கிராம் தக்காளி சோஸ் கைக்கு 520 ரூபா கொண்டுவந்தது. செலவு 340, பங்களிப்பு 180. அந்த 340இல் தக்காளி மட்டும் 150, ஏனென்றால் ஒரு போத்தலுக்கு ஒன்றேகால் கிலோ பழம் போகிறது. காஸ் 35 ரூபா; ஜாமைப் போல மூன்றரை மடங்கு. இந்த 35ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேலைக்கு வரும். 750 மில்லிலீற்றர் கோடியல் 540 ரூபா, பழம், சீனி, போத்தல் எல்லாம் 390, பங்களிப்பு 150.

ஆறு பேரின் சம்பளத்தை நான் சேர்க்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மறந்துவிடவில்லை. மாதச் சம்பளம் வாங்குகிறவர், ஜாம் போட்டாலும் கோடியல் போட்டாலும் அதே சம்பளத்தைத்தான் வாங்குகிறார். அவருக்காக நீங்கள் கட்டும் 12 வீத சேமலாப நிதியும் 3 வீத நம்பிக்கை நிதியும் அப்படியே. எதைச் செய்வது என்ற முடிவால் மாறாத செலவை அந்த முடிவுக்குள் கொண்டுவரக் கூடாது. போத்தலுக்கு இத்தனை ரூபா என்று கூலி கொடுத்து லேபல் ஒட்ட ஆள் எடுத்தால் அது வேறு. அந்தக் கூலி போத்தல் செலவில் சேர வேண்டும். கூலி நாட்கணக்கா மாதக்கணக்கா என்று பார்ப்பதைவிட, அடுத்த வாரம் சோஸை நிறுத்தினால் அந்தக் கூலி நிஜமாகவே நிற்குமா என்று கேட்டுப் பாருங்கள். நமது பக்கத்தில் பல இடங்களில் நாட்கூலி என்று பெயர்தான். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே ஆட்கள் அதே நாட்களுக்கு வருவார்கள். அது நிலையான செலவுதான்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நானே இதில் விழுந்து எழுந்தவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேறோர் இடத்தில் வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாவற்றையும் மாதப் போத்தல் எண்ணிக்கையால் வகுத்து ஒவ்வொரு போத்தலின் தலையிலும் கட்டினேன். ஒரு அச்சாறு நட்டத்தில் போவதாகக் கணக்கு சொன்னது. முதலாளியிடம் காட்டினேன், நிறுத்திவிட்டார். அடுத்த மாதம் வாடகை அப்படியே இருந்தது, சம்பளம் அப்படியே இருந்தது, அச்சாறு கொண்டுவந்த பணம் மட்டும் இல்லை. எண்ணிக்கை குறைந்ததால் மற்றப் போத்தல்களின் தலையில் சுமை கூடியது. இப்போது இன்னொரு பொருளும் நட்டம் என்று என் தாள் சொன்னது. அதையும் நிறுத்தியிருந்தால் கடையையே மூடியிருப்போம்.

இனிக் கொப்பரைக்கு வருவோம். எல்லாத் தொழிற்கூடத்திலும் ஏதோ ஓரிடம் எல்லாரையும் காக்கவைக்கும். அது கொப்பரையா, போத்தல் கழுவும் தொட்டியா, ஆட்களா, கைக்காசா என்பதைக் கண்டுபிடிக்காமல் மேற்கொண்டு போக முடியாது. கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை. காலை பத்து மணிக்கு நடுவில் போய் நின்று பாருங்கள். பொருள் எங்கே குவிந்து கிடக்கிறதோ, அதற்கு அடுத்த இடம்தான் நெருக்கடி. பண்டாரவளையில் நறுக்கிய பழம் வாளிகளில் காத்துக் கிடந்தது. கழுவிய போத்தல்கள் தட்டுகளில் கவிழ்ந்து கிடந்தன. லேபல் ஒட்டுகிறவர்கள் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். கொப்பரை மட்டும் ஒரு நிமிடம்கூடச் சும்மா இல்லை.

அங்கே கொப்பரையைப் பார்த்துக்கொண்ட அக்கா ஒருவர் இருந்தார். தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். நான் தாளும் பேனையுமாக நிற்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சோஸ் வைத்தால் அன்றைக்குக் கொப்பரை சோஸுக்கே வாழ்க்கைப்பட்டுவிடும் ஐயா. வேறு எதையும் நினைக்க முடியாது." மாதக்கணக்கில் நான் தேடிய விடை அந்த வாக்கியத்தில் இருந்தது. அவரிடம் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியைக் கொடுத்தேன். பொருள் கொப்பரையில் விழுந்த நேரம், கொப்பரை கழுவி அடுத்ததற்குத் தயாரான நேரம், எத்தனை போத்தல் வந்தது என்று மூன்று மட்டும் எழுதச் சொன்னேன். வேகும் நேரத்தை மட்டும் எழுதினால் போதாது. நிரப்பி முடியும்வரை கொப்பரை விடுபடாது. கழுவும் நேரமும் அதன் நேரம்தான்.

இரண்டு வாரக் கொப்பியில் வந்தது இது. ஜாம் ஒரு தடவைக்கு 2 மணிநேரம், 40 போத்தல். சோஸ் 4 மணி, 40 போத்தல். கோடியல் 1 மணி, 60 போத்தல்.

ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று புரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அது உங்கள் ஊரிலும் மாறாது. தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். சோஸ் செய்வது என்றால் அந்தத் தண்ணீரை ஆவியாக்கி வெளியே அனுப்புவது. 45 கிலோ சாறு போட்டால் 16, 17 கிலோ சோஸ் வரும். மிச்சம் எல்லாம் கூரை வழியாகப் போகிறது. காஸ் 35 ரூபா ஆனதும் அதனால்தான். ஜாமில் வற்ற வேண்டியது குறைவு, ஏனென்றால் கெட்டியாக்கும் வேலையில் பெரும்பகுதியை நாம் கொட்டும் சீனியே செய்துவிடுகிறது. கோடியலை வற்றவைக்கவே வேண்டியதில்லை. சீனிப்பாகையும் சாற்றையும் சூடாக்கிக் கலந்து நிரப்பினால் முடிந்தது.

இப்போது பெருக்கிப் பாருங்கள்.

| | ஜாம் | சோஸ் | கோடியல் |
|---|---|---|---|
| போத்தலுக்குப் பங்களிப்பு (ரூபா) | 260 | 180 | 150 |
| கொப்பரை மணிக்குப் போத்தல் | 20 | 10 | 60 |
| கொப்பரை மணிக்குப் பங்களிப்பு (ரூபா) | 5,200 | 1,800 | 9,000 |

போத்தல் கணக்கில் கடைசியில் நின்ற கோடியல் மணிக்கணக்கில் முதலில் நிற்கிறது. சோஸ் ஒரு மணிக்குக் கொண்டுவருவதைக் கோடியல் பன்னிரண்டு நிமிடத்தில் கொண்டுவந்துவிடுகிறது. எக்செல் தாளில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி ஒதுக்கி, B இல் கைக்கு வரும் விலை, C இல் போத்தல் செலவு, D இல் ஒரு தடவைப் போத்தல், E இல் ஒரு தடவை மணி என்று எழுதினால் F இல் வர வேண்டியது இவ்வளவுதான்:

```
=(B2-C2)*D2/E2
```

மணிக்கு அதிகம் தருவது கோடியல் என்பதால் மாதம் முழுக்கக் கோடியலே போட்டுவிட முடியாது. மாதம் 160 கொப்பரை மணி இருந்தது. அத்தனையும் கோடியல் என்றால் 9,600 போத்தல். யார் வாங்குவது? எனவே ஒவ்வொரு பொருளுக்கும் சந்தை எவ்வளவு எடுக்கும் என்ற உச்சம் வேண்டும். இங்கே ஆசையை எழுதக் கூடாது. கடைக்காரர்கள் கேட்டு நீங்கள் கொடுக்காமல் விட்ட ஓடர்களையும் சேர்த்து எழுதுங்கள். அவற்றை யாரும் குறித்துவைப்பதில்லை, அதனால் கோடியலுக்குச் சந்தையே இல்லை என்று தாள் சொல்லும். பண்டாரவளையில் வேனில் போகும் தம்பியின் தொலைபேசியில் இருந்த குறுஞ்செய்திகளை எண்ணித்தான் கோடியலின் உச்சம் மாதம் 2,400 என்று முடிவு செய்தோம். ஜாம் 2,000, சோஸ் 1,000.

முன்பு அவர்கள் செய்துகொண்டிருந்தது ஜாம் 1,800, சோஸ் 600, கோடியல் 600. மணி பார்த்தால் 90, 60, 10, சரியாக 160. பங்களிப்பு 468,000, 108,000, 90,000. மொத்தம் 666,000 ரூபா. மாதச் சுமை 700,000: சம்பளமும் நிதிகளும் 310,000, முதலாளியின் வீட்டுச் செலவு 100,000, வாடகை 60,000, மின்சாரமும் தண்ணீரும் 30,000, வேனுக்கு 80,000, கடன் தவணை 120,000. (தவணையில் கடன்முதலைத் திருப்பிக் கட்டும் பகுதி செலவாகாது என்று கணக்காளர்கள் சண்டைக்கு வருவார்கள். கேள்வி கையில் மிஞ்சும் காசைப் பற்றியது என்பதால் முழுத் தவணையையும் போட்டிருக்கிறேன்.) 34,000 ரூபா பள்ளம். கொப்பரை ஓயாமல் எரிகிறது, லொறி போகிறது, பணம் இல்லை. உங்கள் நிலையும் இப்படித்தான் இருக்கும்.

மணிக்கணக்கின் வரிசையில் நிரப்பினோம். முதலில் கோடியல் உச்சம்வரை: 2,400 போத்தல், 40 மணி, 360,000 ரூபா. அடுத்து ஜாம் உச்சம்வரை: 2,000 போத்தல், 100 மணி, 520,000. மிச்சம் 20 மணி சோஸுக்கு: 200 போத்தல், 36,000. மொத்தம் 916,000. மாதச் சுமை போக 216,000 மிச்சம். புதிய இயந்திரம் இல்லை, புதிய ஆள் இல்லை, விலை ஏற்றவில்லை. அதே 160 மணி.

உடனே முழுதாக மாறிவிடவில்லை. 600இல் இருந்து 2,400க்குக் கோடியல் மூன்று மாதத்தில் படிப்படியாகத்தான் போனது. முதல் மாதத்தில் கோடியல் போத்தல்கள் போதாமல் நின்றோம், ஏனென்றால் போத்தல் விற்பவர் முன்பணம் கேட்டார். கணக்குத் தாளில் இந்த மாதிரி விஷயம் தெரியாது.

மேலே சொன்ன வரிசை ஒரு சந்தை நாளில் புரண்டுவிடுமோ என்று பயப்பட வேண்டியதில்லை, ஆனால் கண் ஏமாறும். வெலிமடையில் தக்காளி குவியும் காலத்தில் விலை விழும்போது எல்லாரும் சோஸ் சோஸ் என்று ஓடுவார்கள். கிலோ 120இல் இருந்து 50க்கு விழுந்தது என்று வையுங்கள். ஒன்றேகால் கிலோவுக்கு 87 ரூபா மிச்சம். சோஸ் போத்தலின் பங்களிப்பு 267 ஆகிவிடும். ஜாமையே தாண்டிவிட்டது! ஆனால் மணிக்கு 10 போத்தல்தான், ஆக 2,670 ரூபா. ஜாமின் 5,200க்குப் பாதிதான். ஜாமுக்கு ஓடர் இருக்கும்வரை, தக்காளியைச் சும்மா கொடுத்தால்கூட (அப்போது போத்தலுக்கு 330, மணிக்கு 3,300) கொப்பரையைச் சோஸுக்கு விடக் கூடாது.

இன்னொரு ஏமாற்று நமது மலைக்கே உரியது. எனக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் பிடித்தது. செய்முறைத் தாளின்படி ஜாம் தடவைக்கு 40 போத்தல் வர வேண்டும். முதல் வாரக் கொப்பியில் 34, 35, 34 என்று இருந்தது. யாராவது வீட்டுக்குக் கொண்டுபோகிறார்களோ என்று முதலாளிக்குச் சந்தேகம். உண்மையில் வெப்பமானிதான் குற்றவாளி. ஏதோ ஒரு கைநூலில் 105 பாகையில் இறக்க வேண்டும் என்று இருந்ததைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அது கடல்மட்டத்துக்கு எழுதிய கணக்கு. பண்டாரவளை ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் 96 பாகைக்கே கொதித்துவிடும். ஜாம் பதம் வருவதும் அதே நாலு பாகை குறைந்துதான், 100, 101இல். நுவரெலியா இன்னும் உயரம், அங்கே இன்னும் குறையும். 105வரை காய்ச்சினால் பதம் தாண்டிப் பாகு இறுகிவிடுகிறது. ஆறு போத்தலுக்கான எடை ஆவியாகப் போய்விட்டது.

அதன் விலையைப் பாருங்கள். பழமும் சீனியும் காஸும் 40 போத்தலுக்குச் செலவானது செலவானதுதான், 12,400 ரூபா. போத்தலும் பெட்டியும் மட்டும் 34க்கு, 3,740. வருமானம் 34 தடவை 680, அதாவது 23,120. மிஞ்சுவது 6,980; மணிக்கு 3,490. செய்முறைத் தாளை நம்பி 5,200 என்று நான் எழுதியிருந்தால் அந்தத் தாளில் எல்லா முடிவும் பொய்யாகியிருக்கும். சீனியின் செறிவைப் பிரிக்ஸ் அளவில் காட்டும் ஒளிமுறிவுமானி ஒன்று வாங்கி, 65க்கும் 68க்கும் இடையில் பிரிக்ஸ் வந்ததும் இறக்கச் சொன்னோம். கொப்பியில் 40 வரத் தொடங்கியது. மேலே அட்டவணையில் இருப்பது அதற்குப் பிந்திய எண். உங்கள் எண்ணையும் தாளில் இருந்து எடுக்காதீர்கள், கொப்பரைப் பக்கத்தில் இருந்து எடுங்கள்.

புதிய கலவையோடு கடைக்குப் போனால் தொல்லை வேறு பக்கத்தில் வரும். பெரிய வாடிக்கையாளர் ஒருவர், சோஸ் மாதம் 400 கொடுக்காவிட்டால் ஜாமும் வேண்டாம் என்றார். அவரோடு கோபிப்பதற்கு முன் அந்த நிபந்தனை நமக்கு எவ்வளவு என்று பார்க்கலாம். கூடுதலாக 200 சோஸுக்கு 20 மணி. அந்த 20 மணி ஜாமில் இருந்துதான் வர வேண்டும்: 400 ஜாம் போத்தல், 104,000 ரூபா போகும். சோஸ் 36,000 தரும். நிகரம் மாதம் 68,000 ரூபா நட்டம். அவரை இழந்தால் இதைவிட அதிகம் போகுமா என்பதுதான் கேள்வி. அவர் மட்டும் மாதம் 500 ஜாம் எடுத்துக்கொண்டிருந்தார், அதன் பங்களிப்பு 130,000. வேறு யாருக்கும் அதை உடனே விற்க முடியாது. எனவே இணங்கினோம், ஆனால் சோஸ் செய்யும் முறையை மாற்றினோம்.

எப்படி? பாதி வற்றவைக்கும் வேலையை வேறு யாரோ ஏற்கெனவே செய்துவைத்திருக்கிறார்கள்: தகர டின்னில் வரும் தக்காளிப் பசை. புதுத் தக்காளியோடு அதைக் கலந்தால் பழச் செலவு கூடுகிறது, போத்தல் பங்களிப்பு 180இல் இருந்து 140க்கு இறங்குகிறது. முதலாளி முகம் சுளித்தார். ஆனால் கொப்பரை 4 மணிக்குப் பதில் ஒன்றரை மணியில் விடுபட்டது. மணிக்கு ஏறத்தாழ 27 போத்தல், 3,730 ரூபா. போத்தலுக்குக் குறைந்தது, மணிக்கு இரட்டிப்பானது. 400 சோஸுக்கு வேண்டியது இப்போது 15 மணி மட்டுமே. மிச்சம் இருந்த 20 மணிக்குள்ளேயே அடங்கிவிட்டது, ஜாமைத் தொட வேண்டியிருக்கவில்லை. சுவை கொஞ்சம் மாறியது. இரண்டு வாடிக்கையாளர்கள் குறை சொன்னார்கள், பசையின் அளவைக் குறைத்துச் சரிசெய்தோம். லேபலில் உள்ளடக்கம் மாறுவதையும் மறக்காமல் மாற்ற வேண்டும்.

இரண்டாவது கொப்பரை வாங்கலாமா என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். கூடுதலாகக் கிடைக்கும் ஒரு மணியின் பெறுமதி 9,000 என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். கோடியலும் ஜாமும் உச்சத்தைத் தொட்டுவிட்டன. புதிய மணி வரிசையில் கடைசியாக நிற்கும் சோஸுக்குத்தான் போகும். அதன் பெறுமதி பழைய முறையில் 1,800, பசை முறையில் 3,730. அதிலும் சோஸ் 1,000 என்ற உச்சத்தை எட்டியதும் பூச்சியம். இந்த எண்ணைக் கொப்பரையின் மாதத் தவணையோடும், அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளத்தோடும் வைத்துப் பாருங்கள். நாங்கள் பார்த்தோம், வாங்கவில்லை. அதற்குப் பதிலாக மூடி போட்ட ஒரு துருப்பிடிக்காத தொட்டி வாங்கி, கோடியலை அதில் இறக்கி நிரப்பினோம். ஜாமுக்கு அது சரிவராது, நிரப்பி முடிவதற்குள் இறுகத் தொடங்கிவிடும்.

இந்த முறை எங்கே உதவாது என்றும் சொல்ல வேண்டும். நெருக்கடி ஒன்றே ஒன்றாக இருக்கும்போதுதான் வகுத்து வரிசைப்படுத்துவது வேலை செய்யும். கோடியல் 2,400க்குப் போனதும் போத்தல் கழுவும் தொட்டி திணறத் தொடங்கியது, ஏனென்றால் கொப்பரை மணிக்கு 60 போத்தல் கேட்கிறது. கொப்பரையும் தொட்டியும் ஒரே நேரத்தில் நெருக்கினால் ஒன்றால் வகுத்த வரிசையும் மற்றதால் வகுத்த வரிசையும் முரண்படும். அப்போது எக்செலில் உள்ள Solver இல் மூன்று எண்ணிக்கைகளையும் மாறிகளாக வைத்து, கொப்பரை மணி 160க்குள், கழுவும் மணி இவ்வளவுக்குள், விற்பனை உச்சத்துக்குள் என்று நிபந்தனை கொடுத்து மொத்தப் பங்களிப்பைப் பெரிதாக்கச் சொல்ல வேண்டும். தீர்க்கும் முறையாக Simplex LP ஐத் தேர்ந்தெடுங்கள். ஆனால் எங்கள் தொட்டிக்கு Solver தேவைப்படவில்லை. கழுவுவதற்குக் காலையில் ஒருவர் ஒரு மணிநேரம் முன்னதாக வந்தார். தொட்டி நெருக்கடி தீர்ந்தது.

ஸ்ட்ரோபெரி கிடைக்காத மழை மாதங்களில் நிலைமை வேறு. ஜாம் 800க்கு மேல் போட முடியாது என்றால் கொப்பரை 40 மணிதான் ஜாமுக்கு வேலை செய்யும். கோடியல் 40, சோஸ் பசை முறையில் 1,000 என்றாலும் 38 மணி. மொத்தம் 118. கொப்பரையில் 42 மணி சும்மா கிடக்கிறது. அப்போது நெருக்கடி கொப்பரை இல்லை, மணியால் வகுப்பதற்கும் அர்த்தம் இல்லை. மணி மிச்சம் என்றால் எல்லாச் சோஸுக்கும் பசைக்குச் செலவழிக்கவும் வேண்டாம்: அதே 1,000 சோஸில் 650ஐப் பசையில் 24 மணியிலும் 350ஐப் பழைய முறையில் 35 மணியிலும் போட்டால் 59 மணி, கொப்பரை நிறையாது, அந்த 350இல் போத்தலுக்கு 40 ரூபா கூடுதலாக மிஞ்சும். அந்த மாதங்களில் பங்களிப்பு பூச்சியத்துக்கு மேல் இருக்கும் எந்த ஓடரையும் மறுக்க வேண்டியதில்லை. யாரோ தங்கள் பெயரில் லேபல் ஒட்டி 420 ரூபாவுக்குச் சோஸ் கேட்டால், செலவு 340 என்பதால் 80 ரூபா மிஞ்சுகிறது, எடுக்கலாம். அதே ஓடரை ஸ்ட்ரோபெரி காலத்தில் எடுத்தால் மணிக்கு 800 ரூபாவுக்காக 5,200ஐ விட்டுக்கொடுக்கிறீர்கள். அதனால் அந்த ஓடரை எடுக்கும்போதே எந்த மாதத்தோடு முடிகிறது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.